மாலைச் சிறப்பு வகுப்பா? பெற்றோருக்குக் கடிதம் எழுதும் முன் வண்டியைப் பேசி முடியுங்கள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்கள் பலரும் இதைத் தலைகீழாகச் செய்வதைப் பார்க்கிறேன். பரீட்சைத் தாள் திருத்தியதும் சில பிள்ளைகள் பின்தங்கியிருப்பது தெரிகிறது, அக்கறையில் அன்றைக்கே டைரியில் "நாளை முதல் மாலை சிறப்பு வகுப்பு நடைபெறும்" என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். மறுநாள் பாதிப் பிள்ளைகள் உட்காருவதில்லை, உட்கார்ந்தவர்களும் வேன் போய்விடுமே என்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. பிள்ளை எத்தனை மணிக்கு, யாரோடு, எப்படி வீடு வந்து சேரும் என்ற கேள்விக்கு அந்த ஒற்றை வரியில் பதில் இல்லை, அவ்வளவுதான்.

அதனால் இந்தக் கட்டுரையில் கடிதத்தைக் கடைசியில்தான் எழுதப் போகிறோம். புரிவதற்காக ஒரு மாதிரி வகுப்பை எடுத்துக்கொள்கிறேன்: ஏழாம் வகுப்பு, கணக்கு, பின்னங்களில் தடுமாறும் 11 பிள்ளைகள், பள்ளி முடியும் மணி 3:40. உங்கள் பள்ளியின் நேரத்தை இதில் போட்டுக்கொள்ளுங்கள்.

யாருக்கு, எதற்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துப் பட்டியல் போடாதீர்கள். 100க்கு 38 வாங்கிய இரண்டு பிள்ளைகளில் ஒருத்திக்குப் பின்னமே புரியாமல் இருக்கலாம், இன்னொருவன் பத்து நாள் காய்ச்சலில் வராததால் ஒரு பாடத்தையே தவறவிட்டிருக்கலாம். இருவருக்கும் ஒரே வகுப்பு உதவாது. விடைத்தாளை எடுத்து, பிழை எங்கே விழுகிறது என்று பாருங்கள். நம் மாதிரியில் 11 பேரும் 1/2 + 1/3 என்ற கணக்குக்கு 2/5 என்று எழுதியிருக்கிறார்கள், அதாவது மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டார்கள். 2/5 என்பது அரையைவிடச் சின்னது, அரையோடு ஒன்றைக் கூட்டினால் அரையைவிடக் குறைவாக எப்படி வரும் என்ற சந்தேகமே அவர்களுக்கு வரவில்லை. குறை எங்கே என்று இப்போது துல்லியமாகத் தெரிகிறது. பெற்றோரிடம் சொல்லவும் தெளிவான ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. "கணக்கில் வீக்" என்று சொன்னால் அவர்கள் கையில் ஒன்றும் இல்லை. "வேறு வேறு பகுதி உள்ள பின்னங்களைக் கூட்டும்போது தவறுகிறாள், மற்றபடி பெருக்கல் வாய்ப்பாடு நன்றாக வருகிறது" என்று சொன்னால் அது அவர்களுக்குத் தெரிந்த தங்கள் பிள்ளை.

எத்தனை வகுப்பு வேண்டும் என்பதும் இதிலிருந்தே வரும். இந்த ஒரு குறைக்கு வாரம் இரண்டு நாள் வீதம் 12 வகுப்பு என்று வைத்துக்கொள்கிறேன். "ஆண்டு முழுவதும் தினமும்" என்று மட்டும் அறிவிக்காதீர்கள், முடிவு தெரியாத ஏற்பாட்டுக்கு எந்த வீட்டிலும் ஆள் ஒதுக்க முடியாது. இரண்டு நாட்களுக்கும் நடுவே குறைந்தது ஒரு நாள் இடைவெளி இருக்கட்டும், செவ்வாய் வியாழன் என்பது போல. பிள்ளைக்கு அது நல்லது, கூப்பிட வரும் பெற்றோருக்கும் அடுத்தடுத்து இரண்டு நாள் வேலையிலிருந்து சீக்கிரம் கிளம்ப வேண்டியிருக்காது.

நேரத்தை வண்டியிடம் கேளுங்கள்

இதுதான் முக்கியமான கட்டம், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வகுப்பு எவ்வளவு நேரம் என்பதை நீங்கள் தனியாக உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிய கையோடு போக்குவரத்தைப் பார்த்துக்கொள்பவரிடமும் ஓட்டுநரிடமும் பேசுங்கள். நம் மாதிரியில் பள்ளி வேன் 3:50க்குக் கிளம்பி, எல்லாரையும் இறக்கிவிட்டு 4:35க்குத் திரும்பி வருகிறது என்கிறார் ஓட்டுநர். அப்படியானால் இரண்டாவது நடையை 4:50க்கு எடுக்கலாம், அதற்கு முன்னால் கொஞ்சம் தாமதமானாலும் தாங்கும். மணி அடித்த 3:40இலிருந்து 15 நிமிடம் தண்ணீர், கழிப்பறை, வாயில் ஏதாவது போட்டுக்கொள்ள. 3:55க்குத் தொடங்கி 4:40க்கு முடித்தால் சரியாக 45 நிமிட வகுப்பு, வேனுக்கு நடக்கப் பத்து நிமிடம். பாருங்கள், 45 நிமிடம் என்ற கணக்கு வேனிலிருந்துதான் வந்தது. நாள் முழுக்க உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு அதற்கு மேல் போனால் ஏறவும் ஏறாது.

அந்த 15 நிமிட இடைவெளியை மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பசியோடு உட்காரும் பிள்ளை முதல் பத்து நிமிடத்தைத் தூங்கிக் கழிக்கும். வகுப்பு நாளில் கூடுதலாக ஏதாவது சாப்பிடக் கொடுத்தனுப்புங்கள் என்ற ஒரு வரியும் கடிதத்தில் வர வேண்டும்.

ஓட்டுநரிடம் இன்னும் இரண்டு விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது நடையில் பிள்ளைகள் குறைவு, அதனால் வழி மாறும், வழக்கமாகக் கடைசியில் இறங்கும் பிள்ளை இப்போது முதலில் இறங்கலாம். ஆகவே ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் புதிய நேரம் வேண்டும். வழக்கமான நேரத்தோடு ஒரு மணி நேரத்தைக் கூட்டிப் பெற்றோரிடம் சொல்லிவிட்டால் தவறிப் போகும், நிறுத்தத்தில் ஆள் வருவதற்கு முன்பே பிள்ளை இறங்கி நிற்கும். அடுத்தது, வேனில் உடன் வரும் உதவியாளர் இரண்டாவது நடைக்கும் இருப்பாரா? சில இடங்களில் அவர் முதல் நடையோடு வீட்டுக்குப் போய்விடுவார். இதைக் கேட்காமல் "வழக்கம்போல் வேன் வசதி உண்டு" என்று எழுதினால் பெற்றோர் வழக்கமான உதவியாளரும் இருப்பார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இரண்டாவது நடைக்குத் தனிக் கட்டணம் உண்டா இல்லையா என்பதையும் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள், கடிதம் போன பிறகு அந்தப் பேச்சு வரக் கூடாது.

வேனில் வராதவர்கள்

11 பேரில் 6 பேர் வேன். மீதி ஐந்து பேர் மூன்று விதம். மூன்று பேரைப் பெற்றோர் வந்து கூட்டிப் போகிறார்கள், ஒருவன் சைக்கிள், ஒருத்தி ஊர்ப் பேருந்து. இவர்களைப் பற்றிப் பள்ளியில் யாரும் கேட்பதே இல்லை, சிக்கல் வருவது பெரும்பாலும் இங்கேதான்.

பேருந்துப் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் ஏற வேண்டிய பேருந்து 4:45க்கு, அதை விட்டால் 5:30. வகுப்பு 4:40க்கு முடிகிறது, நிறுத்தத்துக்கு எட்டு நிமிட நடை. அதாவது ஒவ்வொரு வகுப்பு நாளும் முக்கால் மணி நேரம் தனியாக நிறுத்தத்தில் நிற்பாள். இதை அவளும் சொல்ல மாட்டாள், அவள் அம்மாவுக்கும் தெரியாது, நான்காவது வகுப்பிலிருந்து வருவதை நிறுத்திவிடுவாள், நாமோ ஆர்வமில்லாத பிள்ளை என்று எழுதி வைப்போம். முன்பே தெரிந்தால் தீர்வு எளிது. கடைசிப் பத்து நிமிடத்தை எல்லாருக்கும் பயிற்சித் தாள் செய்யும் நேரமாக வைத்துக்கொள்ளுங்கள், அவள் மட்டும் 4:30க்குத் தாளோடு கிளம்பட்டும், அதை அவள் அம்மாவிடம் சொல்லி ஒப்புதலும் வாங்கிக்கொள்ளுங்கள். வேன் அவள் வீட்டுப் பக்கம் போகிறது என்றால் அதிலேயே ஓர் இடம் கேட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது.

சைக்கிளில் போகும் பையனுக்கு வெளிச்சம்தான் கேள்வி. சீக்கிரம் இருட்டும் பருவத்தில் 4:40க்குக் கிளம்பினால் வீடு சேரும்போது எப்படி இருக்கும் என்று அவன் வீட்டில் கேளுங்கள். கூட்டிப்போக வருபவர்களிடம் கேட்க வேண்டியது, யார் வருவார்கள், அவரால் வர முடியாவிட்டால் மாற்றாக யார் வருவார்கள் என்பது. பெயர் எழுதாத ஆளோடு பிள்ளையை அனுப்ப முடியாது என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் தம்பி தங்கைகள். ஏழாம் வகுப்பு அக்காவோடுதான் மூன்றாம் வகுப்புத் தம்பி தினமும் வேனில் போகிறான். அக்கா நின்றுவிட்டால் தம்பி என்ன செய்வான்? அவன் முதல் நடையில் தனியாகப் போனால் நிறுத்தத்தில் வாங்கிக்கொள்ள வீட்டில் ஆள் இருக்க வேண்டும். இல்லையென்றால் 4:40 வரை நூலகத்தில் இருக்கலாம், அங்கே பொறுப்பு ஆசிரியர் யார் என்று நீங்கள் ஏற்பாடு செய்திருக்க வேண்டும். இரண்டில் எது என்பதைப் பெற்றோர் எழுத்தில் தேர்ந்தெடுக்கட்டும். "அக்காவின் வகுப்பிலேயே ஓரமாக உட்காரட்டுமே" என்று தோன்றும், வேண்டாம், அக்காவின் கவனம் முழுக்கத் தம்பி மேல்தான் இருக்கும்.

இப்போது கடிதம்

கடிதம் ஒவ்வொரு பெற்றோருக்கும் தனித்தனியாகப் போக வேண்டும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பெயர்ப் பட்டியல் போடவே கூடாது, "கீழ்க்கண்ட மாணவர்கள்" என்று ஆரம்பித்த அந்த நொடியிலேயே பிள்ளைகளுக்கு முத்திரை விழுந்துவிடும், மறுநாள் மற்ற பிள்ளைகள் அதை வைத்துக் கேலி செய்வார்கள். மடித்து உறையில் போட்டுக் கொடுங்கள். முதல் வகுப்புக்கு ஒரு வாரம் முன்னதாகப் போகட்டும். வேலை நேரத்தை மாற்றிக்கொள்ளவோ, ஏற்கெனவே சேர்த்திருக்கும் டியூஷனையோ பாட்டு வகுப்பையோ நகர்த்தவோ அவர்களுக்கு அவகாசம் வேண்டும்.

எழுதும்போது நான்கு நேரங்களைத் தனித்தனியாகக் கொடுங்கள்: வகுப்பு தொடங்குவது, முடிவது, பள்ளியை விட்டுக் கிளம்புவது, நிறுத்தத்தில் இறங்குவது. நாம் வழக்கமாக முதல் இரண்டை மட்டும் எழுதுவோம், பெற்றோருக்குத் தேவைப்படுவதோ கடைசி இரண்டும். வேனில் போகும் ஒரு பிள்ளையின் வீட்டுக்கு நான் எழுதினால் இப்படி இருக்கும்:

> அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.
>
> உங்கள் மகள் வகுப்பில் கவனமாக இருக்கிறாள், பெருக்கலும் வகுத்தலும் நன்றாகச் செய்கிறாள். வேறு வேறு பகுதி உள்ள பின்னங்களைக் கூட்டுவதிலும் கழிப்பதிலும் மட்டும் தடுமாறுகிறாள். அடுத்து வரும் பாடங்களுக்கு இது தேவை என்பதால், இதற்கென்று பள்ளி முடிந்த பிறகு 12 சிறப்பு வகுப்புகள் நடத்துகிறேன்.
>
> நாள்: செவ்வாய், வியாழன். முதல் வகுப்பு ஜூலை 14, செவ்வாய். கடைசி வகுப்பு ஆகஸ்ட் 25, செவ்வாய். ஜூலை 30 அன்று விளையாட்டு விழா என்பதால் வகுப்பு இல்லை.
>
> நேரம்: மாலை 3:55 முதல் 4:40 வரை. 3:40 முதல் 3:55 வரை இடைவேளை. இந்த இரண்டு நாட்களும் கூடுதலாகச் சிறிது உணவும் தண்ணீரும் கொடுத்து அனுப்புங்கள்.
>
> வீடு திரும்புதல்: பள்ளி வேன் 4:50க்குக் கிளம்பும். உங்கள் நிறுத்தத்துக்கு 5:10 அளவில் வரும். வழக்கமான உதவியாளர் உடன் இருப்பார். வேன் கிளம்பும் வரை நான் பிள்ளைகளோடு இருப்பேன்.
>
> வகுப்புக்கும் இந்த வேன் நடைக்கும் தனிக் கட்டணம் இல்லை.
>
> ஏதாவது காரணத்தால் வகுப்பு நடக்காவிட்டாலும், முன்கூட்டியே உங்களிடம் பேசி நீங்கள் சம்மதித்தால் மட்டுமே மகளை 3:50 வேனில் அனுப்புவோம். இல்லாவிட்டால் 4:50 வரை ஓர் ஆசிரியரின் பார்வையில் பள்ளியிலேயே இருப்பாள்.
>
> கீழே உள்ள சீட்டை நிரப்பி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். இந்த நாட்களோ நேரமோ உங்களுக்கு ஒத்துவராவிட்டால் அதையும் அதிலேயே எழுதுங்கள், பேசி வேறு வழி பார்ப்போம்.

கவனித்தீர்களா, ஆறு வாரத்தில் முடிய வேண்டிய 12 வகுப்பு, நடுவில் ஒரு வியாழன் போவதால் அடுத்த வாரச் செவ்வாய்க்குத் தள்ளிப்போகிறது. நாட்காட்டியை வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணித் தேதி போடுங்கள், "சுமார் ஒன்றரை மாதம்" என்று எழுதாதீர்கள். நிறுத்த நேரம் பிள்ளைக்குப் பிள்ளை மாறும், அதனால் அந்த ஒரு பத்தியை ஒவ்வொருவருக்கும் தனியாக எழுத வேண்டியிருக்கும். 11 கடிதம்தானே, உட்கார்ந்து எழுதிவிடலாம்.

சீட்டில் அதிகம் கேட்க வேண்டாம். சம்மதம் அல்லது சம்மதமில்லை, வீடு திரும்பும் விதம், வாங்கிக்கொள்பவர் பெயரும் உறவும், மாற்று ஆளின் பெயர், 3 மணிக்கு மேல் எடுக்கக்கூடிய தொலைபேசி எண், உடன் பயணிக்கும் தம்பி தங்கை உண்டா, கையெழுத்து. "சம்மதமில்லை" என்ற கட்டம் கட்டாயம் இருக்கட்டும். அது இல்லாத சீட்டைப் பிடிக்காத பெற்றோர் திருப்பியே அனுப்ப மாட்டார்கள், நமக்குக் காரணமும் தெரியாது.

சீட்டு வராத வீடுகள்

வெள்ளிக்கிழமை நான்கு சீட்டு வரவில்லை என்று வையுங்கள். உடனே பிள்ளையைக் கேட்டுக் குடையாதீர்கள், போன் செய்யுங்கள். சிலருக்குக் கடிதம் படிப்பதே சிரமமாக இருக்கும், சிலர் வேலையில் இருப்பார்கள், சில பிள்ளைகள் உறையைப் பையிலேயே வைத்திருக்கும். பேச்சைப் பிள்ளையின் குறையில் ஆரம்பிக்காமல் நேரத்தில் ஆரம்பிப்பது எனக்குச் சரியாக வருகிறது. "அம்மா, செவ்வாய் வியாழன் ரெண்டு நாளும் பாப்பா வீட்டுக்கு 5:10 ஆகும், அந்த நேரத்துல நிறுத்தத்துக்கு யாராவது வர முடியுமா?" என்று கேட்டால் அவர் தன் சிரமத்தைச் சொல்லிவிடுவார். "இல்லைங்க டீச்சர், நான் வேலை முடிஞ்சு வரவே ஆறாயிடும், பாட்டியால அவ்வளவு தூரம் நடக்க முடியாது" என்று வந்தால் அது மறுப்பே கிடையாது, தீர்க்க வேண்டிய ஒரு ஏற்பாடு. அதே நிறுத்தத்தில் இறங்கும் இன்னொரு பிள்ளையின் வீட்டார் சேர்த்துக் கூட்டிப் போவார்களா என்று இரு வீட்டாரையும் கேட்டு, இருவர் சீட்டிலும் எழுதி வாங்குங்கள். எதுவும் ஒத்துவராத ஓரிருவருக்குக் காலையில் பள்ளி தொடங்கும் முன் இருபது நிமிடம் ஒதுக்க முடியுமா என்று பாருங்கள்.

சீட்டு கையில் வராமலோ பெற்றோரிடம் நேரடியாகப் பேசி முடிவாகாமலோ எந்தப் பிள்ளையையும் முதல் நாள் நிறுத்தி வைக்காதீர்கள். "அம்மா சரின்னு சொல்லிட்டாங்க டீச்சர்" என்று பிள்ளை சொல்வது போதாது. போனில் சம்மதித்தால் யாரோடு எத்தனை மணிக்குப் பேசினீர்கள் என்று அந்தச் சீட்டிலேயே குறித்துவிடுங்கள்.

முதல் நாளும் அதற்குப் பிறகும்

திங்கட்கிழமை மாலை பெற்றோருக்குத் தனித்தனியாக ஒரு சிறு நினைவூட்டல்: நாளை வகுப்பு உண்டு, வேன் 5:10. செவ்வாய் காலையில் 11 பெயர்களும் வீடு திரும்பும் விதமும் எழுதிய ஒரு தாளை அலுவலகத்திலும் வாயில் காவலரிடமும் ஓட்டுநரிடமும் கொடுங்கள். முக்கியமாக 3:50 நடை எடுக்கும்போது ஓட்டுநர் கையில் அது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் காணாத ஆறு பேருக்காக மற்றவர்களையும் வைத்துக்கொண்டு காத்திருப்பார். 3:55க்கு வருகை எடுங்கள். காலையில் பள்ளிக்கு வந்தவர் இப்போது வகுப்பில் இல்லை என்றால் அந்த நிமிடமே வீட்டுக்குப் போன் போக வேண்டும், ஏனென்றால் வீட்டில் எல்லாரும் அவன் உங்களோடு இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

நீங்கள் திடீரென்று விடுப்பில் போகும் நாளுக்கும் ஏற்பாடு வேண்டும். குழுவில் "இன்று வகுப்பு இல்லை" என்று மதியம் 2 மணிக்கு ஒரு செய்தி போட்டால் வேலையில் இருக்கும் அப்பா அதை 5 மணிக்குத்தான் பார்ப்பார், பிள்ளை 4 மணிக்கே பூட்டிய வீட்டு வாசலில் நிற்கும். அதனால்தான் கடிதத்தில் அந்த வரி: பேசிச் சம்மதம் கிடைத்தால் மட்டும் முன்னதாக அனுப்புவது, மற்றவர்கள் பள்ளியிலேயே இருப்பது. உங்களுக்குப் பதில் உட்காரப் போகும் ஆசிரியர் யார் என்று முதல் வாரத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது வகுப்பில் ஐந்தே கணக்கு கொண்ட சிறு தேர்வு வையுங்கள். அதில் 1/2 + 1/3 க்கு 5/6 என்று எழுதி, 2/5 ஏன் வராது என்றும் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு மீதி வகுப்பு தேவையில்லை. ஆனால் அன்றைக்கே "நாளையிலிருந்து நீ வர வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள், வீட்டில் 5:10க்குத்தான் ஆள் இருக்கும். எந்தத் தேதியிலிருந்து பழைய 3:50 வேன் என்று பெற்றோருக்கு எழுதி, அவர்கள் கையெழுத்து வந்த பிறகு ஓட்டுநரின் தாளில் அந்தப் பெயரை அடியுங்கள்.